கிண்ணத்துக்கு வெளியே ஒரு வேட்டை

வீட்டுப் பூனையின் மூதாதை மேற்காசியாவிலும் வட ஆப்பிரிக்காவிலும் இன்றும் வாழும் ஒரு காட்டுப்பூனை. ஃபெலிஸ் லிபிகா என்பது அதன் அறிவியல் பெயர். சிங்கத்தைப் போல அது கூட்டம் சேர்ந்து பெரிய மிருகத்தை வீழ்த்துவதில்லை. எலி, பல்லி, சிறு பறவை என்று தன்னைவிட மிகச் சிறிய உயிர்களைத் தனியாகத் தேடிப் பிடித்துத் தின்னும். ஒரு சுண்டெலியின் உடலில் இருப்பது ஏறக்குறைய 30 கலோரி. 4 கிலோ எடையுள்ள பூனைக்கு, அதிகம் அலையாமல் வீட்டுக்குள்ளேயே கிடந்தாலும், ஒரு நாளைக்குச் சுமார் 200 கலோரி தேவை. வெளியே திரிகிற பூனைக்கு இன்னும் கூடுதலாக வேண்டும். அப்படியானால் நாள் ஒன்றுக்கு ஏழெட்டு எலிகளாவது அகப்பட வேண்டும். எல்லாப் பாய்ச்சலும் பலிப்பதில்லை என்பதால், எலிகளின் எண்ணிக்கையைவிட முயற்சிகளின் எண்ணிக்கை பல மடங்கு அதிகம். விடியற்காலையும் அந்திப்பொழுதும்தான் இந்த வேட்டை சூடு பிடிக்கும் நேரம்.

இந்த வாழ்க்கைக்காக அமைந்த உடலும் மூளையும்தான் நம் வீட்டுச் சோபாவில் படுத்திருக்கின்றன. ஆனால் அதற்குக் கிடைப்பதோ காலையில் ஒரு கிண்ணம், இரவில் ஒரு கிண்ணம். நாள் முழுதும் பரவிக் கிடக்க வேண்டிய வேலை, இரண்டு வேளையிலும் சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. வயிறு நிறைந்தால் வேட்டை ஆசையும் அடங்கிவிடும் என்று நினைப்பது இயல்புதான். பூனையின் விஷயத்தில் அது அப்படி நடப்பதில்லை.

இதை முதலில் விரிவாக எழுதியவர்களில் முக்கியமானவர் ஜெர்மானிய விலங்கு நடத்தையியல் அறிஞர் பால் லேஹவுசன். பதுங்குவது, பாய்வது, பிடிப்பது, கொல்வது, தின்பது ஆகிய ஒவ்வொன்றுக்கும் பூனையிடம் தனித்தனி உந்துதல் இருக்கிறது என்பது அவர் கண்டது. 1976இல் ராபர்ட் ஆடமெக் என்ற ஆய்வாளர் வெளியிட்ட சோதனை இன்னும் தெளிவானது. பூனைகள் தங்களுக்குப் பிடித்த உணவைத் தின்றுகொண்டிருக்கும்போது உயிருள்ள எலி ஒன்று அவற்றின் முன் விடப்பட்டது. அவை தின்பதை நிறுத்திவிட்டுப் போய் எலியைக் கொன்றன. பிறகு எலியைத் தின்னாமல், முன்பு விட்ட உணவுக்கே திரும்பின. தனியாகச் சிற்றிரை தேடும் பிராணிக்கு இது பொருத்தமான ஏற்பாடு. பசி முற்றிய பிறகுதான் வேட்டை தொடங்கும் என்றால், இரண்டு மூன்று பாய்ச்சல் தவறிய நாளில் அது பட்டினி கிடக்க நேரும்.

ஆகவே கிண்ணத்தில் அளவைக் கூட்டினால் பூனை பருக்கத்தான் செய்யும், அடங்காது. அதிகாலை நான்கு மணிக்கு முகத்தைத் தட்டி எழுப்புவது, நடக்கும்போது காலைக் கவ்வுவது, தட்டை நக்கி முடித்த பத்தாவது நிமிடம் மறுபடியும் கத்துவது போன்றவற்றுக்குப் பசியைவிட, செய்ய வேண்டிய வேலை செய்யப்படாமல் நிற்பதே பல நேரம் காரணம். அந்த வேலையின் ஒரு பகுதியைச் சாப்பாட்டு நேரத்துக்குள் திருப்பிக் கொண்டுவருவதற்கான வழிகள் இரண்டு. ஒன்று, பசில் ஃபீடர் எனப்படும் புதிர்க்கலம். அதில் தீனி ஒளிந்திருக்கும், பூனை உருட்டியோ நோண்டியோ எடுக்க வேண்டும். மற்றொன்று, தீனியைக் கிண்ணத்தில் கொட்டாமல் இடம் இடமாகத் தூவி வைப்பது.

இவை வேட்டையின் எந்தப் பகுதியைத் தருகின்றன என்பதை ஆரம்பத்திலேயே புரிந்துகொள்வது நல்லது. தேடுவது, மோப்பம் பிடிப்பது, காலால் துழாவி வெளியே இழுப்பது, கொஞ்சம் கொஞ்சமாகப் பல முறை தின்பது ஆகிய நான்கும் கிடைக்கின்றன. ஓடும் இரையைத் துரத்துவதும் பாய்ந்து அமுக்கிக் கடிப்பதும் கிடைப்பதில்லை. அந்தக் குறையை விளையாட்டால்தான் நிரப்ப முடியும்.

புதிர்க்கலங்களில் இரண்டு வகை. உருளும் வகையில், பந்து அல்லது உருளை ஒன்றின் ஓட்டைகள் வழியே தீனி சிந்தும்; பூனை மூக்காலோ காலாலோ அதைத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். நிலையான வகை ஓரிடத்தில் அசையாமல் இருக்கும். அதன் குழிகளிலும் குழாய்களிலும் காலை விட்டுத் தீனியைத் தோண்டி எடுக்க வேண்டும். ஒரே வீட்டில் வளரும் இரண்டு பூனைகளில் ஒன்று தள்ளுவதை விரும்பும், மற்றது தோண்டுவதை விரும்பும். எது எதை விரும்பும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதால், விலை கொடுத்து வாங்கும் முன் வீட்டில் கிடைக்கும் பொருளிலேயே இரண்டையும் செய்து பார்ப்பது புத்திசாலித்தனம்.

உருளும் வகைக்கு ஓர் அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் போதும். பக்கவாட்டில் எட்டுப் பத்து ஓட்டைகள் போட வேண்டும். ஓட்டையின் அகலம் தீனித் துண்டின் அகலத்தைப் போல இரு மடங்கு இருந்தால் தொடக்கத்துக்குச் சரி. 1 செ.மீ. துண்டு என்றால் 2 செ.மீ. ஓட்டை. வெட்டிய விளிம்பு கூராக இருக்கும். உப்புத்தாள் கொண்டு தேய்த்து மழுக்காவிட்டால் மூக்கிலும் பாதத்திலும் கீறும். ஒளி ஊடுருவும் பாட்டிலே நல்லது, உள்ளே தீனி இருப்பது பூனைக்குத் தெரியும். நிலையான வகைக்குக் காகிதக்கூழ் முட்டை அட்டை ஒன்றே போதும். குழிக்கு ஒன்றிரண்டு துண்டு போட்டு வைத்தால் அது முதல் பாடம். பிறகு குழிகளின் மேல் கசக்கிய காகித உருண்டைகளை வைத்து மூடினால் அடுத்த பாடம். ஈர உணவுக்கு ஐஸ் தட்டோ கப்கேக் சுடும் சிலிக்கான் அச்சோ பொருந்தும். குழிகளின் அடியில் உணவைத் தடவிவிட்டால் பூனை நக்கி நக்கி எடுக்கும்.

பழக்கும் முறையைப் பார்க்க ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். அடுக்குமாடி வீட்டுக்குள்ளேயே வளரும், கருத்தடை செய்த மூன்று வயதுப் பெண் பூனை. எடை 4 கிலோ. நோய் எதுவும் இல்லை. உலர் தீனி தின்கிறது. அதற்குத் தேவை 200 கலோரி. தீனிப் பையில் 100 கிராமுக்கு எத்தனை கலோரி என்று அச்சிட்டிருப்பார்கள். 370 என்று வைத்துக்கொண்டால் நாள் அளவு 54 கிராம். இதில் 8 கிராம் என்பது 30 கலோரி, அதாவது ஒரு சுண்டெலி. நாள் முழுவதுக்கும் ஏறக்குறைய ஏழு எலிகள். சமையலறைத் தராசில் ஒரு முறை 8 கிராம் நிறுத்து, ஒரு சிறு கிண்ணத்தில் அது நிற்கும் உயரத்துக்குக் கோடு போட்டுவிட்டால் பிறகு தினமும் நிறுக்க வேண்டியதில்லை.

முதல் வாரம் ஒரே ஓர் எலிப் பங்கு மட்டும் முட்டை அட்டைக்குப் போகும், மீதி 46 கிராம் வழக்கம் போலக் கிண்ணத்தில். அட்டையை வழக்கமான சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன், பூனை பசியோடு இருக்கையில் வைக்க வேண்டும். கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அட்டையை நீட்டினால் பூனை கிண்ணத்துக்குத்தான் போகும். இது சோம்பேறித்தனம் இல்லை, பூனையின் இயல்பு. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் மிகேல் டெல்காடோவும் சக ஆய்வாளர்களும் வீட்டுப் பூனைகளுக்குத் திறந்த தட்டையும் புதிர்க்கலத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தார்கள். 2021இல் வெளியான அந்த ஆய்வில் பெரும்பாலான பூனைகள் தட்டிலிருந்தே அதிகம் தின்றன. சுறுசுறுப்பான பூனைகளும் விதிவிலக்காக இல்லை. ஆகவே புதிரும் கிண்ணமும் ஒரே நேரத்தில் எதிரெதிரே நிற்கக் கூடாது.

இரண்டாம் வாரம் பாட்டில் வரலாம். தொடக்கத்தில் 8 கிராமுக்குப் பதில் 16 கிராம் போட்டு நிரப்புவது நல்லது. லேசாகத் தட்டினாலே துண்டுகள் சிந்த வேண்டும். தட்டினால் தீனி விழும் என்பதைப் பூனை ஒரு முறை கண்டுகொண்டால் போதும், பிறகு சொல்லித்தர வேண்டியதில்லை. இந்தக் கட்டத்தில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். முதல் நாளே கடினமான புதிரை வாங்கி வைத்து, இரண்டு நாள் பார்த்துவிட்டு, இந்தப் பூனைக்கு இதெல்லாம் சரிப்படாது என்று மூட்டை கட்டிவிடுகிறார்கள். உண்மையில் எளிதாக இருக்கிறதே என்று வளர்ப்பவருக்குத் தோன்றும் நிலைதான் தொடங்கும் பூனைக்குச் சரியான நிலை. தொடர்ந்து சில நாள் தயங்காமல் காலி செய்த பிறகு, ஓட்டைகளில் சிலவற்றை டேப் ஒட்டி மூடிக் கொஞ்சம் கடினமாக்கலாம்.

ஐந்தாறு வாரத்தில் இந்தப் பூனையின் நாள் இப்படி அமையும். காலை எழுந்ததும் பாட்டிலில் 8 கிராம். வீட்டுக்காரர் வேலைக்குக் கிளம்பும்போது வெவ்வேறு இடங்களில் ஒளித்த நான்கு சிறு தட்டுகளில், தட்டுக்கு 4 கிராமாக, 16 கிராம். மாலையில் தூண்டில் போலக் கயிற்றில் இறகு கட்டிய பொம்மையால் ஐந்து பத்து நிமிடம் ஓட விட்டு, அது பொம்மையைப் பிடித்து அமுக்கிய பின் 8 கிராம் தூவல். இரவு கிண்ணத்தில் 14 கிராம். படுக்கும் முன் முட்டை அட்டையில் காகித உருண்டைகளுக்கு அடியில் 8 கிராம். கூட்டினால் அதே 54. கடைசிப் பங்கு விடியற்காலைக்கானது. நான்கு மணிக்கு விழிக்கும் பூனைக்கு அந்நேரம் தேடுவதற்கு ஒரு வேலை காத்திருந்தால், அது ஆள் முகத்தைத் தேடி வருவது குறையும். டைல்ஸ் தரையில் பாட்டில் உருளும் சத்தம் வீட்டையே எழுப்பிவிடும் என்பதால்தான் இரவுக்கு அட்டை. மாலை விளையாட்டைச் சாப்பாட்டுக்கு முன்னால் வைத்ததற்கும் காரணம் உண்டு: துரத்தல், பிடித்தல், தின்னல் என்ற வரிசை காட்டில் இருப்பது போலவே வந்துவிடுகிறது.

தூவுவதற்குக் கருவியே தேவையில்லை, ஆனாலும் அதற்கும் ஒரு வரிசை உண்டு. முதலில் கிண்ணத்தைச் சுற்றி ஒரு சாண் தூரத்துக்குள் ஐந்தாறு துண்டுகள். பிறகு அதே அறையின் மூலைகள். அதன்பின் உயரம்: ஜன்னல் திண்டு, நாற்காலி, மாடிப்படி, அலமாரியின் கீழ்த்தட்டு. பூனையின் கண் தூரத்து அசைவைக் கூர்மையாகப் பிடிக்கும், ஆனால் ஒரு சாணுக்கும் உள்ளே இருப்பது அதற்கு மங்கல்தான். மூக்குக்கு நேரே கிடக்கும் துண்டை அது தாண்டிப் போனால் வியப்பதற்கில்லை. அந்தத் தூரத்தில் அது மோப்பத்தையும் மீசையையும் நம்பியே தேடுகிறது. தேடும் நேரத்தை நீட்டுவதும் இந்த மோப்பத் தேடல்தான். துண்டுகளைச் சுட்டிக்காட்டி உதவுவது அதன் வேலையைப் பறிப்பதாகும். சில பூனைகளுக்கு ஒவ்வொரு துண்டாக நீளமான தரையில் சுண்டி எறிந்தால் மிகவும் பிடிக்கும். புதிர்க்கலத்தில் இல்லாத துரத்தலும் அப்போது சிறிதளவு கிடைக்கிறது.

நம் ஊர் வீடுகளில் தூவலின் முதல் எதிரி எறும்பு. கால் மணி நேரத்துக்குள் தின்று முடிக்கும் அளவை மட்டும் தரையில் தூவ வேண்டும். ஆள் இல்லாத நேரத்துக்கு வைப்பதைச் சிறு தட்டில் இட்டு, அந்தத் தட்டைத் தண்ணீர் ஊற்றிய அகலமான தட்டின் நடுவில் வைக்க வேண்டும். மீனும் சோறும் பிசைந்து கொடுக்கும் வீட்டில் தூவல் நடக்காது. அங்கே முள் நீக்கி வேகவைத்த மீனையோ உப்பு, மசாலா சேர்க்காத கோழித் துண்டையோ சிலிக்கான் அச்சின் குழிகளில் வைக்கலாம். வெயில் காலத்தில் அரை மணி நேரத்துக்கு மேல் அதை வெளியே விடக் கூடாது. பிளாஸ்டிக் கலங்களின் உட்புறம் கொழுப்பு படிந்து சிக்கு நாற்றம் அடிக்கத் தொடங்கும், அந்த நாற்றத்துக்கே பூனை ஒதுங்கிவிடும். உலர் தீனிக் கலத்தை வாரம் ஒரு முறையாவதும், ஈர உணவு வைத்ததை ஒவ்வொரு முறையும் கழுவ வேண்டும். முட்டை அட்டையைக் கழுவ முடியாது. அழுக்கானதும் தூக்கி எறிந்துவிட்டு வேறு வைக்க வேண்டியதுதான்.

தவறு நடக்கிறது என்பதைப் பூனையே காட்டிக்கொடுக்கும். கலத்தின் முன் உட்கார்ந்து ஆளைப் பார்த்துக் கத்துவது, வாலைத் தரையில் அடிப்பது, பிளாஸ்டிக்கைக் கடித்துக் குதறுவது, இரண்டு முறை தட்டிவிட்டு நகர்ந்து போவது ஆகிய எல்லாம் புதிர் கடினமாக இருக்கிறது என்பதற்கான அடையாளங்கள். ஒரு படி கீழே இறங்கி வர வேண்டும். சத்தமில்லாத தவறு ஒன்றும் உண்டு, அதுதான் ஆபத்தானது: தூவிய தீனியில் பாதி சோபாவுக்கு அடியிலேயே கிடந்து, பூனை ஒவ்வொரு நாளும் குறைவாகத் தின்றுகொண்டிருக்கும். தினம் இரவு மீதியை எடுத்து நிறுத்துப் பார்ப்பதும், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பூனையை எடை பார்ப்பதும் இதற்காகத்தான். 4 கிலோ பூனையில் 100 கிராம் பெரிய மாற்றம். ஆள் பூனையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் குளியலறைத் தராசில் அது தெரியாது. குழந்தைகளை நிறுக்கும் தராசு வேண்டும். கொழுத்த பூனையை இளைக்க வைப்பதானாலும் வாரத்துக்கு உடல் எடையில் ஒரு சதவீதம் அளவே குறைய விடுவது பாதுகாப்பானது. இளைப்பதும் புதிரால் மட்டும் நடந்துவிடாது. புதிர்க்கலத்தால் பூனையின் மொத்த நடமாட்டம் குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை என்று 2018இல் வெளியான ஒரு சிறு ஆய்வு காட்டியது. எடையைக் குறைப்பது நிறுத்து வைத்த அளவு. கலம் செய்வது அந்தச் சிறிய அளவைப் பூனை நிதானமாகத் தின்னும்படி வைப்பது.

ஒன்றுக்கு மேல் பூனை உள்ள வீட்டில் ஒரே கலத்தை நடுவில் வைப்பது சண்டைக்கு வழி. பூனை தனியாகத் தின்னும் பிராணி. ஒன்றின் பார்வையில் மற்றது படாத இடங்களில், பூனைக்கு ஒன்றாவது, முடிந்தால் ஒன்று கூடுதலாகவும் வைக்க வேண்டும். மருத்துவர் எழுதிக்கொடுத்த தீனியை ஒரு பூனையும் சாதாரணத் தீனியை மற்றொன்றும் தின்னும் வீட்டில் தூவவே கூடாது. கதவை மூடிய அறைக்குள் புதிர்க்கலம் மட்டும் வைக்கலாம்.

வெளியே போய் அணிலையும் குருவியையும் பிடித்து வரும் பூனையைத் திருத்தப் புதிர்க்கலம் உதவுமா என்பது பலருடைய கேள்வி. பதில் பாதகமானது. இங்கிலாந்தின் எக்ஸெட்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தென்மேற்கு இங்கிலாந்தின் 219 வீடுகளில் 355 பூனைகளைக் கவனித்து 2021இல் முடிவுகளை வெளியிட்டார்கள். தினமும் ஐந்து பத்து நிமிடம் பொம்மையோடு விளையாடவிட்ட வீடுகளில் பூனைகள் கொண்டுவந்த இரை 25 சதவீதம் குறைந்தது. தானியம் இல்லாத, இறைச்சி மிகுந்த தீனி தந்த வீடுகளில் 36 சதவீதம் குறைந்தது. புதிர்க்கலம் தந்த வீடுகளிலோ 33 சதவீதம் கூடியது. கலத்திலிருந்து போதுமான அளவு எடுக்க முடியாத பூனை பசியாலோ எரிச்சலாலோ வெளியே போயிருக்கக்கூடும். வீட்டுக்குள்ளேயே வளரும் பூனைக்கு இந்த ஏற்பாடு நல்லது. வெளியே திரியும் பூனையிடமிருந்து பறவைகளைக் காப்பதற்கு இது வழி அல்ல, அதற்கு விளையாட்டும் இறைச்சி மிகுந்த தீனியும்தான் வழி.

சில பூனைகளுக்கு இதைத் தொடங்கும் முன் கால்நடை மருத்துவரைக் கேட்டே ஆக வேண்டும். இன்சுலின் போடும் பூனை எப்போது, எவ்வளவு தின்றது என்பது துல்லியமாகத் தெரிய வேண்டும். தூவினால் அது தெரியாது. மூட்டுவலியுள்ள கிழட்டுப் பூனைக்கு உயரத்தில் வைப்பதும் குழிக்குள் கைவிடச் சொல்வதும் தண்டனை. ஆழமில்லாத அட்டையில் தரையிலேயே வைத்தால் அதற்கும் தேடும் சுகம் கிடைக்கும். பல்வலியுள்ள பூனை புதிரை வெறுப்பது போலத் தோன்றும், உண்மையில் அதற்கு மெல்ல முடியாமல் இருக்கும்.

எந்தப் பூனையையும், பசித்தால் தானாகக் கற்றுக்கொள்ளும் என்று பட்டினி போடவே கூடாது. நாய்க்குப் பெரிதாகத் தெரியாத இரண்டு மூன்று நாள் பட்டினி, பூனையின் ஈரலில் கொழுப்பைக் குவித்து உயிருக்கே உலை வைக்கும். கொழுத்த பூனைகளுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். புதிர்க்கலம் வைத்த நாளில் பூனை தன் பங்கில் பாதியைக்கூடத் தின்னவில்லை என்றால், அன்றிரவே பழைய கிண்ணத்தில் பழைய அளவை வைத்துவிடுங்கள். கிண்ணத்தில் வைத்ததையும் ஒரு முழு நாள் தொடவில்லை என்றால் மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.